வார்ப்பிரும்புக் கல்லில் மீன் ஒட்டுகிறதா? அறிகுறி சொல்லும் காரணம்

காலையில் தோசை பூப்போல எழும்பி வந்த அதே கல்லில் மதியம் வஞ்சிரம் துண்டைப் போட்டால் பிய்ந்து போகிறது. பெரும்பாலோர் உடனே கல்லைத்தான் குறை சொல்வார்கள். பத்தில் எட்டு முறை கல்லில் குறை இருப்பதில்லை, தோசைக்குப் பழகிய கையில்தான் இருக்கிறது என்பது என் அனுபவம்.

தோசை ஊற்றுமுன் நாம் என்ன செய்கிறோம்? கல் காய்ந்ததும் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, அது சுர்ரென்று அடங்கியதும் துடைத்துவிட்டு மாவை ஊற்றுகிறோம். தண்ணீர் தெளிப்பது கல்லின் சூட்டைக் குறைக்கத்தான். சூடு மிஞ்சினால் மாவு பரவாமல் கரண்டியோடு சுருண்டு வரும். மீனுக்கு இதற்கு நேர்மாறான ஏற்பாடு தேவை. மீனின் மேற்புறம் சட்டென்று காய்ந்து சிவந்து முறுகலாக வேண்டும். அதற்குக் கல்லில் சூடு நிறையச் சேர்ந்திருக்க வேண்டும், தண்ணீர் எங்குமே இருக்கக்கூடாது.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது வஞ்சிரம், அதாவது தென் மாவட்டங்களில் சீலா, நெய்மீன் என்று சொல்லப்படுகிற மீன். ஒன்றரை சென்டிமீட்டர் கனத்தில் குறுக்காக வெட்டிய துண்டு, வழக்கமான மிளகாய் மசாலா, சுமார் இரண்டு கிலோ எடையுள்ள வார்ப்பிரும்புக் கல், கேஸ் அடுப்பு. கோழித் துண்டுக்கும் பனீருக்கும் நேரம் மாறுமே தவிர, காரணங்கள் இவையேதான்.

முதலில் சூட்டைப் பார்ப்போம்

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் கேள்வி, கல் எவ்வளவு நேரம் காய்ந்தது என்பதே. வார்ப்பிரும்பு சூட்டைச் சேர்த்து வைத்துக்கொள்வதில் கெட்டி, கடத்துவதில் மந்தம். அலுமினியத்தின் வேகத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் இரும்பில் சூடு பரவும். அதனால் பெரிய தீயில் இரண்டு நிமிடம் வைத்தால் தீ படுகிற வளையம் மட்டும் கொதித்துக் கிடக்கும், ஓரம் கை வைக்கும் அளவுக்கு ஆறியிருக்கும். நடுத்தரத் தீயில், எண்ணெய் இல்லாமல், எட்டிலிருந்து பத்து நிமிடம் என்பது நான் வைத்திருக்கும் கணக்கு. பாதியில் ஒருமுறை கல்லைக் கால் வட்டம் திருப்பி வைப்பேன்.

காய்ந்துவிட்டதா என்று அறிய ஒரு சொட்டுத் தண்ணீர் போதும். அது விழுந்த இடத்தில் கிடந்து குமிழ்விட்டால் இன்னும் நேரமாகவில்லை. சுர்ரென்று பரவி மறைந்தால் தோசைச் சூடு. முத்தாக உருண்டு அங்குமிங்கும் ஓடினால் மீனுக்கான சூடு வந்துவிட்டது. சொட்டுக்கு அடியில் உண்டாகும் ஆவிப்படலம் அதைத் தூக்கிப் பிடிப்பதால்தான் அது உடனே வற்றாமல் ஓடுகிறது. ஜெர்மானிய மருத்துவர் யோஹான் லைடன்ஃபிராஸ்ட் 1756இல் இதை விவரித்து எழுதினார். அவர் சோதித்துப் பார்த்ததும் பழுக்கக் காய்ச்சிய ஓர் இரும்புக் கரண்டியில்தான். வார்ப்பிரும்பு சற்றுச் சொரசொரப்பு என்பதால் எவர்சில்வர் பாத்திரத்தில் ஓடுவதுபோல அவ்வளவு வழுக்கலாக ஓடாது. திக்கித் திக்கி உருண்டாலும் போதும். ஏறத்தாழ 200 டிகிரி என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தச் சோதனையில் ஒரு குறை உண்டு. சூடு போதுமா என்று சொல்லும், மிஞ்சிவிட்டதா என்று சொல்லாது. 300 டிகிரியிலும் சொட்டு அதே போலத்தான் உருளும். மேல் எல்லையை எண்ணெய்தான் காட்டும். துணியில் சில சொட்டு ரீஃபைண்ட் எண்ணெய் தொட்டுக் கல்லில் தேய்த்துப் பாருங்கள். தேய்த்த நொடியே புகை எழுந்தால் சூடு மிஞ்சிவிட்டது. அடுப்பை அணைத்து ஒரு நிமிடம் காத்திருங்கள். சொட்டு உருள வேண்டும், எண்ணெய் புகையக்கூடாது. நமக்கு வேண்டிய சூடு இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

நான்ஸ்டிக் பாத்திரத்தை இப்படி வெறுமனே பத்து நிமிடம் காயவைக்காதீர்கள். அதன் பூச்சு கெட்டுவிடும். இங்கே சொல்வது எல்லாம் பூச்சில்லாத இரும்புக்கு மட்டும்.

அறிகுறி: மீன் கல்லைப் பிடித்துக்கொள்கிறது, திருப்பினால் சதை பிய்கிறது

எல்லோரையும் வாட்டும் அறிகுறி இதுதான். காரணங்கள் மூன்று இருக்கலாம். அவற்றைப் பிரித்தறிவது எளிது.

பிய்ந்த இடத்தைப் பாருங்கள். கல்லில் ஒட்டியிருப்பது வெள்ளையாக, ஈரமாக, பசை போல இருக்கிறதா? அப்படியானால் ஒன்று கல் காயவில்லை, அல்லது சீக்கிரம் திருப்பிவிட்டீர்கள். மீனின் புரதம் பச்சையாக இருக்கும்போது இரும்பைத் தொட்டால் அதோடு பிணைந்துகொள்ளும். மிதமான சூட்டில் மெல்ல மெல்ல வேகும்போது இந்தப் பிடிப்புக்கு நிறைய நேரம் கிடைக்கிறது. கல் நன்றாகக் காய்ந்திருந்தால் மீனின் மேற்பரப்பு எண்ணெயைத் தொட்ட உடனே இறுகி, ஈரம் ஆவியாகி, உலர்ந்த பொருக்காக மாறத் தொடங்கும். முதல் ஒரு நிமிடம் அப்போதும் ஒட்டத்தான் செய்யும். பொருக்கு முழுதாக உலர்ந்ததும் மீன் தானாகவே பிடியை விடும். அந்த இரண்டரை, மூன்று நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியாமல்தான் பலர் மீனைப் பிய்க்கிறார்கள்.

எப்போது திருப்புவது என்று கடிகாரத்தைக் கேட்பதைவிட மீனைக் கேட்பது நல்லது. கல்லின் பிடியைப் பிடித்து லேசாக ஆட்டுங்கள். துண்டு நகர்ந்தால் திருப்பலாம். நகராவிட்டால் தோசைத் திருப்பியின் விளிம்பால் ஒரு மூலையை மட்டும் மெல்லத் தள்ளிப் பாருங்கள். மூலை எழும்பினால் பாக்கியும் எழும்பும். எழும்பாவிட்டால் இன்னும் முப்பது நொடி. நெம்பாதீர்கள். ஒன்றரை சென்டிமீட்டர் துண்டுக்கு முதல் பக்கம் மூன்றிலிருந்து நான்கு நிமிடம் பிடிக்கும்.

பிய்ந்த இடம் பழுப்பாக, உலர்ந்து, ஆனாலும் விடாப்பிடியாக ஒட்டியிருக்கிறதா? அப்போது எண்ணெய் போதவில்லை. எண்ணெயைச் சிக்கனமாகத் தடவுவது தோசைக்குச் சரி, மீனுக்குச் சரியில்லை. மீன் துண்டின் அடிப்பக்கம் சமதளம் அல்ல. நடுமுள் ஒரு பக்கம் துருத்தும், சதை வேக வேக வளையும். அந்த மேடுபள்ளங்களில் எண்ணெய் புகுந்து சூட்டைக் கொண்டு சேர்க்க வேண்டும். நான்கு துண்டுக்கு இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் குறைந்தபட்சம். கல்லைச் சாய்த்தால் எண்ணெய் ஓடித் தேங்கும் அளவு இருக்க வேண்டும்.

எந்த வரிசையில் ஊற்றுகிறோம் என்பதும் முக்கியம். கல் முதலில் காய வேண்டும், எண்ணெய் பிறகு. எண்ணெயையும் கல்லையும் சேர்த்துப் பத்து நிமிடம் காய்ச்சினால் மீன் வருமுன்பே எண்ணெய் கருகிப் பிசினாகத் தொடங்கிவிடும். காய்ந்த கல்லில் எண்ணெயை ஊற்றி, அது தண்ணீர் போல இளகி நெளிநெளியாக ஓடும்வரை, ஏறத்தாழ அரை நிமிடம், பொறுத்து மீனை வையுங்கள்.

ஒரே இடத்தில் மட்டும் எப்போதும் ஒட்டுகிறது என்றால் மூன்றாவது காரணம்: அந்த இடத்தில் கல்லின் பழக்கம், அதாவது எண்ணெய் சூட்டில் இறுகி உண்டான படலம், போயிருக்கிறது. பகல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மற்ற இடம் கறுத்துப் பளபளக்க, அந்த இடம் மட்டும் சாம்பல் நிறமாக, மங்கலாகத் தெரியும். போன வாரம் புளிக்குழம்போ தக்காளித் தொக்கோ அந்தக் கல்லில் சூடு பண்ணினீர்களா என்று யோசித்துப் பாருங்கள். புளிப்பு அந்தப் படலத்தை அரித்துவிடும். இதற்கான வைத்தியம் கடைசியில் வருகிறது.

மீனுக்கு அடியில் கறிவேப்பிலையைப் பரப்பி வைத்தால் ஒட்டாது என்று ஒரு வழி சொல்வார்கள். உண்மைதான், ஒட்டாது. மணமும் நன்றாக இருக்கும். ஆனால் மீன் கல்லைத் தொடுவதே இல்லை என்பதால் முறுகலும் திட்டுத் திட்டாகத்தான் வரும். புதுக் கல்லில், விருந்தாளி வாசலில் நிற்கும்போது, நானும் அதைச் செய்திருக்கிறேன்.

அறிகுறி: மீன் முழுசாக வருகிறது, மசாலா கல்லிலேயே தங்கிவிடுகிறது

மீன் வெள்ளையாக எழும்பி வரும், அதன் சட்டை மட்டும் கல்லில் கிடக்கும். இங்கே ஒட்டியது மீன் அல்ல, மசாலா. அதற்குக் காரணம் தண்ணீர்.

மசாலாவை எப்படிக் கலந்தீர்கள்? மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, இஞ்சி பூண்டு விழுது, எலுமிச்சைச் சாறு, அதோடு "கொஞ்சம் தண்ணீர்" என்றால் அந்தக் கொஞ்சம்தான் வில்லன். அத்துடன் உப்பு மீனிலிருந்தும் தண்ணீரை வெளியே இழுக்கும். அரைமணி நேரம் ஊறிய தட்டைச் சாய்த்துப் பாருங்கள், சிவப்பாக நீர் ஓடும். மீனின் சதைக்கும் மசாலாவுக்கும் நடுவிலும் அதே நீர் இருக்கிறது. கல்லில் வைத்ததும் அது ஆவியாகி மசாலாவை மீனிலிருந்து பிரித்துத் தள்ளுகிறது. பிரிந்த மசாலா கல்லில் ஒட்டிக் கருகுகிறது.

இந்தத் தண்ணீர் எவ்வளவு சூட்டைத் தின்கிறது என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தேன், அன்றிலிருந்து ஈர மீனைக் கல்லில் வைக்க மனம் வரவில்லை. இரண்டு கிலோ வார்ப்பிரும்பு ஒரு டிகிரி ஆறும்போது சுமார் 920 ஜூல் சூட்டைக் கொடுக்கிறது. ஒரு கிராம் தண்ணீரை அறைச் சூட்டிலிருந்து கொதிக்கவைத்து ஆவியாக்க ஏறத்தாழ 2,550 ஜூல் வேண்டும். அதாவது ஒவ்வொரு கிராம் தண்ணீரும் கல்லின் சூட்டில் கிட்டத்தட்ட மூன்று டிகிரியைப் பிடுங்கிக்கொள்கிறது. நான்கு துண்டு மீன், துண்டுக்கு ஒரு தேக்கரண்டி ஈரம் என்றால் மொத்தம் 20 கிராம். 200 டிகிரியில் இருந்த கல் 145க்கு வந்துவிடும். மீனைச் சூடாக்கச் செலவாகும் சூடு இதில் சேரவில்லை. அடுப்பு இந்த நஷ்டத்தை ஈடுகட்டும், ஆனால் உடனே அல்ல. மீன் பிடித்துக்கொள்வதற்கு அந்த ஒரு நிமிடம் தாராளம்.

முறுகலையும் மணத்தையும் கொடுப்பது பிரெஞ்சு வேதியியலாளர் லூயி மையார் 1912இல் விவரித்த வினை. புரதத்தின் கூறுகளும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து பழுப்பாவது அது. சமையலறைக் கணக்கில் 140 டிகிரிக்கு மேல்தான் அது வேகம் பிடிக்கும். மீனின் மேல் ஈரம் இருக்கும்வரை அந்த இடம் 100 டிகிரியைத் தாண்டாது. எனவே தண்ணீர் முழுவதும் போன பிறகுதான் சிவப்பதே தொடங்கும்.

தீர்வு, உப்பையும் மசாலாவையும் இரண்டு தவணையாகப் போடுவது. முதலில் மீனில் உப்பும் மஞ்சளும் மட்டும் தடவிப் பதினைந்து நிமிடம் வையுங்கள். விட்ட தண்ணீரை வடித்து, ஒவ்வொரு துண்டையும் இரு பக்கமும் துணியால் ஒற்றி எடுங்கள். பிறகு மிளகாய்த்தூள், மல்லித்தூள், இஞ்சி பூண்டு விழுதைத் தண்ணீருக்குப் பதில் இரண்டு தேக்கரண்டி எண்ணெயில் குழைத்து மெல்லியதாகப் பூசுங்கள். கடைசியில் ஒரு தேக்கரண்டி அரிசி மாவைத் தூவினால் மிச்சமிருக்கும் ஈரத்தை அது உறிஞ்சிக்கொள்ளும். எலுமிச்சை தட்டில் பிழிவதற்கு மட்டும். மசாலா அப்பியிருந்தால் மீன் சுவையாக இருக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. கனத்த பூச்சின் வெளிப்புறம் கருகும், உட்புறம் பச்சை வாசம் வீசும். அடியில் மீனின் நிறம் லேசாகத் தெரியும் அளவுக்குப் பூசினால் போதும்.

அறிகுறி: சிவக்கவே இல்லை, கல்லில் தண்ணீர் தேங்கிக் கொதிக்கிறது

காதால் இதைக் கண்டுபிடிக்கலாம். நல்ல வறுவலின் சத்தம் பொரபொரவென்று உலர்ந்திருக்கும். மீனை வைத்த அரை நிமிடத்தில் அது சளசளவென்று மாறினால் வறுபடவில்லை, அவிகிறது.

பெரும்பாலும் கல் நிரம்பி வழிவதே காரணம். ஆறு துண்டை நெருக்கி அடுக்கினால் ஒவ்வொன்றும் விடுகிற ஆவி பக்கத்துத் துண்டை நனைக்கும். துண்டுகளுக்கு நடுவே இரண்டு விரல் இடம் வேண்டும். 28 சென்டிமீட்டர் கல்லில் மூன்று, அதிகம் போனால் நான்கு. அடுத்த ஈட்டுக்கு முன் இரண்டு நிமிடம் கல்லைத் திரும்பக் காயவிடுங்கள். மூடி போடவே கூடாது. எண்ணெய் தெறிக்கிறதே என்று மூடினால் ஏறிய ஆவி சொட்டாகத் திரும்ப விழும்.

உறைந்த மீன் என்றால் கூடுதல் சிக்கல். உறையும்போது உண்டாகும் பனிப்படிகங்கள் சதையைக் கிழித்துவிடுவதால், உருகும்போது அது நிறைய நீர் விடும். முதல் நாள் இரவே குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில், வடிதட்டின் மேல் வைத்து உருகவிட்டால் பாதி நீர் அங்கேயே போய்விடும்.

ஏற்கெனவே அவிந்துகொண்டிருக்கிறது என்றால் என்ன செய்வது? தீயைக் கூட்டி, மீனைத் தொடாமல், நீர் வற்றிச் சத்தம் மாறும்வரை விடுங்கள். சத்தம் உலர்ந்ததும் இன்னும் ஒரு கரண்டி எண்ணெய் ஓரமாக ஊற்றுங்கள். முதல்தரமாக வராது, ஆனால் பிய்யாமல் தப்பிக்கும்.

அறிகுறி: மேலே கருகல், முள்ளருகே பச்சை

இது சூடு மிஞ்சியதன் அடையாளம். மாட்டிறைச்சித் துண்டை வறுக்கிறவர்கள் கல்லைப் புகையும் அளவுக்குக் காய்ச்சச் சொல்வார்கள். அந்த இறைச்சியில் பெரும்பாலும் உப்பும் மிளகும்தான் இருக்கும். நம் மீனில் மிளகாய்த்தூள் இருக்கிறது. அது எளிதில் கருகும், கருகினால் கசக்கும், வீட்டையே இருமவைக்கும். அதனால் மசாலா மீனுக்குச் சொட்டு உருளும் சூடே போதும், அதற்கு மேல் வேண்டாம்.

மீனை வைக்கும்போது தீ நடுத்தரம். முதல் ஒரு நிமிடத்துக்குப் பிறகு, சத்தம் உலர்ந்து நிலைத்ததும், தீயை நடுத்தரத்துக்குக் கீழே கொண்டுவாருங்கள். இரும்பில் சேர்ந்திருக்கும் சூடு மீதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். இரண்டாவது பக்கத்துக்கு இரண்டரை நிமிடம் போதும். நடுமுள்ளின் அருகே ஒரு குச்சியால் குத்திப் பாருங்கள். சதை கண்ணாடி போலத் தெரிந்தால் வேகவில்லை, பால் வெள்ளையாகி முள்ளைவிட்டுப் பிரிந்தால் வெந்துவிட்டது. இரண்டரை சென்டிமீட்டர் கனத்தில் வெட்டி வாங்கிவந்துவிட்டால், இரு பக்கமும் சிவக்க வைத்து, அடுப்பை அணைத்துக் கல்லிலேயே இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள்.

அறிகுறி: அடுக்களை முழுக்கப் புகை, மீனில் கசப்பு

மீன் கருகவில்லை, ஆனாலும் கசக்கிறது என்றால் எண்ணெயைப் பாருங்கள். ஒவ்வொரு எண்ணெயும் ஒரு சூட்டில் புகையத் தொடங்கும். எவ்வளவு சுத்திகரிக்கப்பட்டது என்பதைப் பொறுத்து அது மாறும் என்பதால் இங்கே சொல்லும் எண்கள் தோராயம்தான். செக்குக் கடலை எண்ணெய் 160 டிகிரியை ஒட்டிப் புகையத் தொடங்கும். செக்குத் தேங்காய் எண்ணெயும் செக்கு நல்லெண்ணெயும் 175ஐ ஒட்டி. ரீஃபைண்ட் கடலை எண்ணெயும் ரீஃபைண்ட் சூரியகாந்தி எண்ணெயும் 225 டிகிரி வரை தாங்கும். நெய் அதற்கும் மேல், ஏறத்தாழ 250. வெண்ணெய் 150க்கே கறுக்கும், ஏனென்றால் அதில் பால் புரதமும் தண்ணீரும் இருக்கின்றன. அவற்றை உருக்கி நீக்கியதுதான் நெய்.

நம் கல் 200இல் இருக்கிறது. செக்கு எண்ணெய் அதில் விழுந்தால் புகையாமல் என்ன செய்யும்? செக்கு எண்ணெயில் மிதக்கும் நுண்ணிய பிண்ணாக்குத் துகள்களும் கருகிக் கசப்பைக் கூட்டும். செக்கு எண்ணெயின் மேல் பற்றுள்ளவர்களுக்கு இது பிடிக்காது என்று தெரியும். குழம்புக்கும் தாளிப்புக்கும் என் வீட்டிலும் செக்கு எண்ணெய்தான். ஆனால் காய்ந்த இரும்பில் வறுப்பதற்கு ரீஃபைண்ட் கடலை எண்ணெயைத்தான் எடுக்கிறேன். மணம் வேண்டுமென்றால் அடுப்பை அணைத்தபின் அரைக் கரண்டி தேங்காய் எண்ணெயும் நான்கு கறிவேப்பிலையும் போடுங்கள். அந்தச் சூட்டில் இலை பொரியும், எண்ணெய் கெடாது. நெய் சூட்டைத் தாங்கும் என்றாலும் மீனோடு அதன் மணம் எனக்கு ஒத்துப்போவதில்லை. பனீருக்கு நெய்யை விஞ்ச ஒன்றுமில்லை.

அறிகுறி: நடுத்துண்டு கருகுகிறது, ஓரத்துண்டு வெளிறிக் கிடக்கிறது

கல்லின் மந்தக் குணம்தான் காரணம். சின்ன அடுப்பில் பெரிய கல்லை வைத்தால் எவ்வளவு நேரம் காய்ச்சினாலும் ஓரம் பின்தங்கும். பெரிய பர்னருக்கு மாற்றி, தீயைக் குறைத்து, நேரத்தைக் கூட்டுங்கள். மூன்று நான்கு இடங்களில் தண்ணீர்ச் சொட்டு விட்டுப் பார்த்தால் எங்கே உருள்கிறது, எங்கே வெறுமனே கொதிக்கிறது என்று தெரிந்துவிடும். இண்டக்‌ஷன் அடுப்பில் இன்னும் கவனம் வேண்டும். சுருள் இருக்கும் நடுப்பகுதி மட்டும் வேகமாகச் சூடாகி, சுற்றுப்புறம் குளிர்ந்திருந்தால் வார்ப்பிரும்பு விரிசல் விடவும் கூடும். குறைந்த அளவில் தொடங்கி ஐந்து நிமிடத்துக்குப் பிறகே கூட்டுங்கள். அதே காரணத்தால்தான் கொதிக்கும் கல்லைக் குழாய்த் தண்ணீருக்கு அடியில் காட்டக்கூடாது.

அறிகுறி: கல் பிசுபிசுக்கிறது, அல்லது கறுப்புச் செதில் உதிர்கிறது

பிசுபிசுப்பு என்றால் பழக்கும்போது எண்ணெய் அதிகம் தடவப்பட்டது. கல்லைப் பழக்குவது என்பது எண்ணெயைச் சூட்டில் இறுகவைத்து ஒரு படலமாக்குவது. கனமாகத் தடவினால் மேலே மட்டும் இறுகி உள்ளே பிசினாக நிற்கும். கல்லைத் தேய்த்துக் கழுவி, அடுப்பில் ஈரம் போகக் காயவைத்து, வெதுவெதுப்பாக இருக்கும்போது அரைத் தேக்கரண்டி எண்ணெய் தடவுங்கள். பிறகு ஒரு சுத்தமான துணியால், தவறுதலாகத் தடவிவிட்டதுபோல, முழுவதையும் துடைத்து எடுங்கள். மிஞ்சும் அந்த ஈரப்பளபளப்பு போதும். புகை எழுந்து அடங்கும்வரை சூடாக்கி ஆறவிடுங்கள். மூன்று நான்கு முறை இதைச் செய்தால் சாம்பல் நிறத் திட்டும் கறுத்துவிடும்.

இதற்குத் தேங்காய் எண்ணெய் சரிப்படாது. அதன் கொழுப்பு எளிதில் இறுகும் வகை அல்ல. சூரியகாந்தி, நல்லெண்ணெய், கடலை எண்ணெய் எதுவும் சரி. உதிரும் செதில் பெரும்பாலும் படலம் அல்ல, பழைய மசாலாவின் கரி. கல்லுப்பும் கொஞ்சம் எண்ணெயும் போட்டுத் துணியால் தேய்த்தால் வந்துவிடும்.

ஒரு வீட்டில் நடந்தது

என் சித்தி மகள் போன மாதம் வீடியோ அழைப்பில் கூப்பிட்டாள். குரலில் அழுகை இல்லை, அவ்வளவுதான். "அக்கா, இந்தக் கல்லைத் தூக்கிப்போட்டுவிட்டு நான்ஸ்டிக் வாங்கப்போகிறேன். மூன்றாவது வாரமாக மீன் பிய்கிறது."

கல்லைக் காட்டச் சொன்னேன். கறுகறுவென்று, நல்ல பழக்கத்தில் இருந்தது. காலையில் அதில்தான் தோசை ஊற்றியிருக்கிறாள். ஒட்டியிருந்ததைக் காட்டினாள், வெள்ளைப் பசையும் சிவப்பு மசாலாவும் கலந்து கிடந்தன. ஆக, இரண்டு அறிகுறி சேர்ந்திருக்கின்றன.

"எவ்வளவு நேரம் காயவைத்தாய்?"

"தண்ணீர் தெளித்துப் பார்த்தேன் அக்கா, சுர்ரென்றது. துடைத்துவிட்டுப் போட்டேன்."

சரியான தோசைச் சூடு. தட்டில் மிச்சமிருந்த நான்கு துண்டைச் சாய்க்கச் சொன்னேன். எலுமிச்சையும் உப்பும் சேர்ந்து இரண்டு மேசைக்கரண்டி நீராவது விட்டிருந்தது. மசாலாவை வழித்து ஒரு கிண்ணத்தில் எடுத்துவைத்து, மீனைத் துணியில் ஒற்றச் சொன்னேன். வழித்த மசாலாவை மறுபடி பூச வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒரு தேக்கரண்டி மிளகாய்த்தூளை எண்ணெயில் குழைத்துப் பூசி அரிசி மாவைத் தூவவைத்தேன். அதற்குள் கழுவிய கல் நடுத்தரத் தீயில் ஒன்பது நிமிடம் காய்ந்திருந்தது. சொட்டு உருண்டது. எண்ணெய் ஊற்றினாள். வீட்டில் செக்குக் கடலை எண்ணெய் மட்டும்தான் இருந்தது, சட்டென்று புகை கிளம்பியது. அடுப்பை அணைத்து, அந்த எண்ணெயைக் கவனமாகத் துடைத்து எடுத்துவிட்டு, பூரிக்கு வைத்திருந்த ரீஃபைண்ட் எண்ணெய் பாக்கெட்டைத் தேடி எடுத்தாள்.

முதலில் இரண்டு துண்டு மட்டும். ஒன்றரை நிமிடத்தில் அவள் கை தோசைத் திருப்பியை நோக்கிப் போனது. "தொடாதே" என்றேன். இரண்டரையாவது நிமிடத்தில் ஒரு மூலையைத் தள்ளிப் பார்த்தாள், அசையவில்லை. மூன்றரை நிமிடம் ஆனதும் கல்லை ஆட்டினாள், இரண்டு துண்டும் எண்ணெயில் வழுக்கி நகர்ந்தன. திருப்பியபோது ஒரு துண்டு முழுசாகச் சிவந்திருந்தது. மற்றதன் நடுமுள்ளைச் சுற்றி மட்டும் காசளவு மசாலா கல்லில் நின்றுவிட்டது. அந்தத் துண்டு நடுவில் வளைந்திருந்ததால் அங்கே எண்ணெய் சேரவில்லை. அடுத்த ஈட்டில், வைத்த முதல் பத்து நொடிக்குத் திருப்பியால் லேசாக அமுக்கிப் பிடித்தாள். இரண்டும் முழுசாக வந்தன.

வழித்துவைத்த மசாலாவில் தக்காளி சேர்த்துத் தொக்கு செய்துகொள்ளலாம் என்றேன். பச்சை மீன் பட்டது என்பதால் நன்றாகக் கொதிக்க வேண்டும், அதுவும் வேறு பாத்திரத்தில்.

கல்லைச் சூடு ஆறிவரும்போதே வெந்நீரும் நாரும் கொண்டு கழுவி, அடுப்பில் ஒரு நிமிடம் உலர்த்தி, எண்ணெய் தடவித் துடைத்து வைத்துவிட்டாள். மறுநாள் காலை அவளிடமிருந்து செய்தி வந்தது: முதல் தோசையில் மீன் வாசம் வந்ததாம், மாமியார் சைவமாம். மீனுக்கென்று இன்னொரு கல் வாங்கப்போகிறாள்.